ரத்தம் நின்றதும் கதவைத் திறக்காதீர்கள்: பெட்டை நாயின் பருவ நாட்கள், கேள்வி பதில்

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டில் வளர்ந்த நான்கு நாய்களுமே பெட்டைகள். பெட்டை வேண்டாம் என்று வைகைக் கரையில் விட்டுப்போன குட்டிகள்தான் நமக்கு வந்து வாய்க்கும். அக்கம்பக்கத்தில் யார் வீட்டு நாய் பருவத்துக்கு வந்தாலும் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் கருத்தடை செய்யாத நாய்களைப் பற்றியது.

அக்கா, எட்டு மாசக் குட்டி. காலையில டைல்ஸ்ல சொட்டுச் சொட்டா ரத்தம். எங்கேயாவது அடிபட்டிருக்குமா?

முதலில் பின்பக்கம் பாருங்கள். பிறப்புறுப்பு வழக்கமாகச் சுண்டைக்காய் அளவில் சுருங்கி இருக்கும். அது நெல்லிக்காய் மாதிரி உப்பியிருந்து, சொட்டுவதும் அங்கிருந்துதான் என்றால், குட்டி முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்திருக்கிறது. இரண்டு நாளாக அந்த இடத்தை ஓயாமல் நக்கிக்கொண்டும், வெளியே போனால் பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்து சிறுநீர் விட்டுக்கொண்டும் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சிறிய, நடுத்தர நாய்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இது தொடங்கும். பெரிய சாதி நாய்கள் ஒன்றரை வயதுவரைகூட இழுக்கும். அதன்பின் சராசரியாக ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை வரும். இதற்கு இந்த மாதம்தான் என்ற கணக்கு வீட்டு நாய்க்குக் கிடையாது. ‘மார்கழி மாச நாய்’ என்று திட்டுவதை வைத்து, மற்ற மாதங்களில் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

வீக்கமே இல்லாமல், முக்கி முக்கிச் சிறுநீர் விட்டு, அதில் ரத்தம் கலந்து வந்தால் அது வேறு விஷயம். சிறுநீர்ப்பையில் கிருமியோ கல்லோ இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

பொம்பளைங்களுக்கு மாசாமாசம் வர்ற மாதிரிதானே இதுவும்?

இல்லை. இந்த ஒரு தவறான ஒப்பீட்டில்தான் ஊரில் பாதிக் குட்டிகள் பிறக்கின்றன. மனிதர்களுக்குக் கரு தங்காதபோது கருப்பையின் உட்சுவர் உதிர்ந்து ரத்தமாக வருகிறது. அதாவது ஒரு சுற்று முடிந்த பிறகு வருகிற ரத்தம். நாய்க்கு அப்படியே தலைகீழ். கருப்பை தயாராகும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி, அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்தம் கசிகிறது. சினை பிடிக்கும் நாட்கள் வரப்போகின்றன என்பதற்கான முன்னறிவிப்பு அது. ரத்தம் நின்றால் ‘அப்பாடா, முடிந்தது’ என்று நினைக்கிறோம். நாயின் உடம்புக்கோ அப்போதுதான் விஷயமே ஆரம்பம்.

மொத்தம் எத்தனை நாள்? அதுல எந்த நாள்ல சினை பிடிக்கும்?

முதல் சொட்டு ரத்தம் தெரிந்த நாளைக் காலண்டரில் ஒன்று என்று குறியுங்கள். மொத்தமாக மூன்று வாரம் போகும், சில நாய்களுக்கு நான்கு வாரம்.

முதல் ஒன்பது நாள் போல ரத்தம் இருக்கும். ஆண் நாய்கள் தேடி வரும், ஆனால் இது உறுமும், கடிக்க வரும், உட்கார்ந்துகொள்ளும். அடுத்த ஒன்பது நாள் போல இணைய விடும். அந்த நேரத்தில் சிவப்பு வெளுத்து, ரோஸாகி, பிறகு வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி ஆகிவிடும். உப்பி விறைப்பாக இருந்த இடம் கொஞ்சம் மெத்தென்று தளரும். வாலுக்கு மேலே முதுகில் சொறிந்துவிட்டால் நாய் அசையாமல் நின்று வாலை ஒரு பக்கமாக ஒதுக்கும். எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டிலேயே பார்க்கக்கூடிய நல்ல அடையாளம் இந்த வால் ஒதுக்கல்தான்.

ஒன்பது என்பது சராசரி மட்டுமே. ஒரு நாய்க்கு நான்காம் நாளே ஆண் நாயைப் பிடித்துப்போகும், இன்னொன்று பதினேழாம் நாள்வரை கிட்டே விடாது. சில நாய்களுக்குக் கடைசிவரை சிவப்பாகவே வடியும். அதனால் ரத்தம் இருக்கும்வரை ஆபத்தில்லை என்றும் நம்பக்கூடாது.

எங்கள் சிட்டுவின் கதையைச் சொன்னால் தெளிவாகும். சிப்பிப்பாறைக் கலப்பு, ஒல்லி, மதில் ஏறுவதில் கெட்டிக்காரி. அக்டோபர் 3ஆம் தேதி முதல் சொட்டைப் பார்த்தோம். ஒரு வாரம் கதவைச் சாத்தியே வைத்திருந்தோம். 12ஆம் தேதி வாக்கில் தரையில் கறை இல்லை. அம்மா, “பாவம், அடைச்சே கெடக்குது” என்று 15ஆம் தேதி சாயங்காலம் மொட்டை மாடியில் விட்டார்கள். அன்று பதின்மூன்றாம் நாள். பக்கத்து வீட்டு மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில் இரண்டடி இடைவெளிதான். துணி எடுக்கப் போனபோது பக்கத்து வீட்டு நாயோடு ஒட்டிக்கொண்டு நின்றது. டிசம்பர் 18ஆம் தேதி ஐந்து குட்டிகள். அறுபத்து நான்கு நாள், கணக்குப் பிசகவில்லை.

ஒரே ஒரு நாள் விட்டதற்கு இப்படி ஆகுமா என்று கேட்டால், ஆகும். இரண்டு காரணம். நாயின் கருமுட்டை வெளியே வந்த உடனே பக்குவமாக இருக்காது, முதிர இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். ஆண் நாயின் விந்தணுவோ உள்ளே ஐந்து நாள், ஒரு வாரம்கூட உயிரோடு காத்திருக்கும். அதனால் இணை சேர்ந்த நாளும் கரு உண்டான நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதே இல்லை. சீக்கிரம் சேர்ந்தாலும் பிடிக்கும், தாமதமாகச் சேர்ந்தாலும் பிடிக்கும்.

அடுத்த தடவை, மே 19ஆம் தேதி வந்தது. இந்த முறை காலண்டரைத் தவிர யார் பேச்சையும் கேட்கவில்லை. தினமும் காலையில் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றி நிறம் பார்த்து எழுதினேன். எட்டாம் நாள் ரோஸ், பத்தாம் நாள் வால் ஒதுக்க ஆரம்பித்தது, பதினெட்டாம் நாள் வாலை இறக்கிக்கொண்டு மறுபடி உறுமத் தொடங்கியது. ஆனாலும் வீக்கம் முழுசாக வற்றி, கடைசியாக வால் ஒதுக்கிய நாளிலிருந்து ஒரு வாரம் கழிந்த பிறகுதான் வெளியே விட்டேன். ஜூன் 12, இருபத்தைந்தாம் நாள். கத்திரி வெயிலில் இரண்டு பேருமே வெந்தோம், ஆனால் குட்டி இல்லை.

ரத்தமே பார்க்கல. ஆனா ரெண்டு நாளா வாசல்ல நாலு நாய் படுத்திருக்கு. எதுக்கு?

உங்களுக்குத் தெரியாதது அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. சில நாய்கள் சொட்டு விழுமுன் நக்கிச் சுத்தம் செய்துவிடும். சிலவற்றுக்குக் கசிவே மிகக் குறைவு. கறுப்பு முடி நாயாக இருந்து, படுக்கையும் கறுப்புத் துணியாக இருந்தால் சுத்தமாகத் தெரியாது. வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றைப் படுக்கையில் விரித்துவிடுங்கள், ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், டாக்டர் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார்.

இளம் நாய்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. ஒரு வாரம் ரத்தம் வந்து தானாக நின்றுவிடும், மூன்று நான்கு வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். இரண்டாவதாக வருவதுதான் முழுப் பருவம். அப்போது காலண்டரை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

வீடெல்லாம் கறை. டயபர் போடலாமா? போட்டா சேராதுதானே?

கறைக்குப் போடலாம். கடையில் வாங்கத் தேவையில்லை, பழைய கைலியை வெட்டி வாலுக்கு ஓட்டை விட்டு ஜட்டி மாதிரி தைத்து, உள்ளே துணி வைத்தால் போதும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், ராத்திரி கழற்றிவிடுங்கள். மதுரை வெயிலில் ஈரத்துணி கட்டியே இருந்தால் தொடையில் புண்ணாகிவிடும்.

சேருவதைத் தடுக்க அது உதவாது. நாயே பல்லால் இழுத்துப் போடும், இல்லாவிட்டால் ஆண் நாய் ஒதுக்கிவிடும். ஜட்டியைப் பூட்டாக நினைக்காதீர்கள்.

தரைக் கறையைப் பச்சைத் தண்ணீரில் துடைத்து, பிறகு சோப்பு. பினாயில் ஊற்றிய ஈரத்தரையில் நாயைப் படுக்க விடாதீர்கள், அந்த நேரத்தில் அது நக்கிக்கொண்டே இருக்கும்.

தெரு நாய்ங்க கேட்டை விட்டு நகரவே மாட்டேங்குது. ராத்திரி பூரா ஊளை, சண்டை. என்னதான் பண்றது?

அவை வருவது உங்கள் நாயின் சிறுநீர் வாசனையைப் பிடித்து. அதனால் கேட்டடியில் தடியோடு நிற்பதைவிட, அந்த வாசனை கேட்டுக்கு வராமல் பார்ப்பது முக்கியம். வாசல் பக்கம் சிறுநீர் விட அழைத்துப் போகாதீர்கள். கொல்லைப்புறத்தில், இல்லையென்றால் குளியலறை முற்றத்தில் ஒரு மூலையைப் பழக்குங்கள். ஒவ்வொரு தடவையும் உடனே தண்ணீர் அடித்து, சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். ஏற்கெனவே கேட்டில் அடித்திருந்தால் கேட்டையும் படியையும் அதே மாதிரி கழுவ வேண்டும். வந்த ஆண் நாய்களும் அங்கே காலைத் தூக்கியிருக்கும், அந்த வாசனை அடுத்த நாயைக் கூப்பிடும்.

அப்புறம் கேட்டைத் தரையோடு உட்கார்ந்து பாருங்கள். கீழே அரையடி சந்து இருந்தால் நடுத்தர நாய் நுழைந்துவிடும். செங்கல் அடுக்கினால் முட்டித் தள்ளிவிடும், பலகையை ஆணியடித்து மூடுங்கள். நான்கடி மதில் சிப்பிப்பாறை, கன்னி வகை நாய்களுக்கு ஒரு தாவல். மதிலை ஒட்டி உரல், மண்தொட்டி, பைக் எதுவும் இருக்கக்கூடாது. கம்பி கேட்டாக இருந்தால் அதன் வழியாகவே சேர்ந்துவிட்ட கதை எங்கள் தெருவிலேயே உண்டு, தகரமோ பலகையோ வைத்து மறையுங்கள். பத்தாம் நாளிலிருந்து உங்கள் நாயும் ஓடப் பார்க்கும் என்பதை மறந்துவிடுகிறோம். பால்காரருக்குக் கதவு திறக்கும் அந்த அரை நிமிடம் போதும். அந்த மூன்று வாரமும் உள்ளறைக்கும் வாசலுக்கும் நடுவில் இரண்டு கதவு சாத்தியிருக்க வேண்டும், ஒன்றைத் திறக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும்.

விக்ஸ் தடவுவது, கற்பூரம் கட்டுவது, சென்ட் அடிப்பது எல்லாம் கேள்விப்படுகிறேன். நாயின் மூக்கு ஒரு வாசனைக்குப் பின்னால் இருக்கிற இன்னொரு வாசனையைப் பிரித்துவிடும். நக்கினால் கற்பூரம் நாய்க்கு விஷம். வேண்டாம்.

கல்லெறிவது, சுடுதண்ணீர் ஊற்றுவது கொடுமை மட்டுமல்ல, அவை கலைந்து பத்து நிமிடத்தில் திரும்பிவிடும். அந்த நாட்களில் தெருவில் குழந்தைகளைத் தனியாக விளையாட அனுப்ப வேண்டாம். ஆண் நாய்கள் ஒன்றோடொன்று சண்டை போடும்போது குறுக்கே போனவர்களைக் கடித்துவிடும். தினமும் சோறு வைக்கிற வீடாக இருந்தால், சாப்பாட்டை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

காதில் வெட்டுக்குறி போட்ட, கருத்தடை செய்த ஆண் நாய்களும் கூட்டத்தில் வரும். பழைய ஆபரேஷன் என்றால் குட்டி வராது. ஆனால் ஒரு மாதத்துக்குள் செய்த நாயிடம் மிச்சம் இருக்கலாம். எது எப்போது செய்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ஒரே மாதிரி பாவியுங்கள்.

வாக்கிங் கூட்டிட்டுப் போகலாமா?

முதல் வாரத்திலும், வால் ஒதுக்குவது நின்ற பிறகும், தெரு அடங்கிய நேரத்தில், குட்டைச் சங்கிலியில், பெரியவர் ஒருவர் பிடித்துப் போகலாம். கழுத்துப்பட்டையில் இரண்டு விரல்தான் நுழைய வேண்டும், தளர்வாக இருந்தால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். நடுவில் உள்ள நாட்களில் வேண்டவே வேண்டாம். வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே போய் நடத்துவோம் என்று யோசிப்பவர்கள், கண்மாய்க் கரையிலும் நாய் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்லயே ஆண் நாய் இருக்கு, கூடப் பிறந்ததுதான். அண்ணன் தங்கச்சி சேராதுல்ல?

சேரும். உறவுமுறையெல்லாம் நாம் பார்ப்பது. ஆண் நாயை மூன்று வாரம் உறவினர் வீட்டுக்கு அனுப்புவதுதான் உருப்படியான வழி. வேறு அறையில் கட்டிவைத்தால் அது சாப்பிடாது, ராத்திரி பூரா கதவைப் பிறாண்டும். ஒரே வீட்டில் ‘கண்ணால் பார்த்துக்கொள்கிறோம்’ என்பவர்கள் கழிப்பறைக்குப் போகும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஐயோ, ஒட்டிக்கிட்டு நிக்குதுங்க! பிரிச்சு விடவா?

பிரிக்காதீர்கள். ஆண் உறுப்பின் அடிப்பகுதி உள்ளே பந்து மாதிரி வீங்கிப் பூட்டிக்கொள்கிறது, பெட்டையின் தசையும் இறுக்குகிறது. பத்து நிமிடமோ அரை மணியோ கழித்துத் தானாக வடிந்து பிரியும். இழுத்தாலும் அடித்தாலும் தண்ணீர் ஊற்றினாலும் இரண்டுக்கும் உள்காயம்தான் மிச்சம். ஒட்டுமுன்பே விந்து போய்விட்டது, ஆகவே பிரித்துப் பயனும் இல்லை. உங்கள் நாயின் தலைப்பக்கம் நின்று பட்டையைப் பிடித்து, அது பதறி இழுக்காமல் பாருங்கள். பிரிந்ததும் உள்ளே கொண்டுபோய்ப் பூட்டிவிடுங்கள். ஒரு தடவை சேர்ந்துவிட்டதே என்று விட்டுவிடக்கூடாது. ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் குட்டிகள் பிறப்பது நாய்களில் சகஜம்.

சேர்ந்திருச்சு. குட்டி வேணாம். ஒரு ஊசி போட்டா போயிடும்னு சொல்றாங்களே?

தேதியைக் குறித்துக்கொண்டு இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போய்ப் பேசுங்கள். முன்பு சாதாரணமாகப் போட்ட ஈஸ்ட்ரோஜன் ஊசி எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கவும் கருப்பையில் சீழ் பிடிக்கவும் வழிசெய்யும். மனிதர்களுக்கான கருத்தடை மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இனி எப்போதும் குட்டி தேவையில்லை என்றால், பருவ வீக்கம் வடிந்த பிறகு கருத்தடை ஆபரேஷனே நேர்வழி. ஆரம்பச் சினையாக இருந்தாலும் கருப்பையோடு எடுத்துவிடுவார்கள். சேர்ந்து 28 நாள் வாக்கில் ஸ்கேனில் சினையா இல்லையா என்று தெரிந்துவிடும். எந்த வாரத்தில் செய்யலாம் என்பதை டாக்டர் நாயைப் பார்த்துச் சொல்லட்டும்.

பருவம் முடிஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சு. ஒரே சோர்வு, குடம் குடமா தண்ணி குடிக்குது. வெயிலாலயா?

இதை வெயில் என்று தள்ளிப்போடாதீர்கள், இன்றைக்கே போங்கள். பருவம் முடிந்து இரண்டு மாதத்துக்குள், குறிப்பாக ஐந்தாறு வயது தாண்டிய நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கட்டலாம். தண்ணீர் அதிகம் குடித்தல், அதிகம் சிறுநீர், சாப்பாடு மறுத்தல், வாந்தி, நாற்றமடிக்கும் பழுப்பு வடிதல். கருப்பையின் வாய் மூடிக்கொண்ட வகையில் எதுவும் வடியாது, வயிறு மட்டும் உப்பும். மிக ஆபத்தானது அதுதான். எங்கள் முதல் நாயை அப்படித்தான் இழந்தோம். ‘அஜீரணம்’ என்று ஒருவர் கொடுத்த டானிக்கில் மூன்று நாள் வீணாகிவிட்டது. ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

அதே காலத்தில், சேராத நாய்க்கும் மடி பருத்துப் பால் சுரந்து, செருப்பைக் குட்டியாக நினைத்துக் கட்டிக்கொண்டு படுப்பதும் நடக்கும். நன்றாகச் சாப்பிட்டுத் தெம்பாக இருந்தால் அது பொய்ச்சினை, இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும். பாலைப் பிழியாதீர்கள், பிழிந்தால் இன்னும் சுரக்கும்.

ஒரு ஈத்து போட்டாத்தான் உடம்புக்கு நல்லதுன்னு மாமா சொல்றாரு. ஆபரேஷனை எப்ப வச்சுக்கலாம்?

குட்டி போடுவதால் நாயின் உடம்புக்குக் கிடைக்கும் நன்மை எதுவும் இல்லை. மாமாவிடம் குட்டிகளை அவர் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பருவ நாட்களில் ஆபரேஷன் வேண்டாம், கருப்பையின் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், ரத்தப்போக்கு அதிகம். ரத்தம் தொடங்கிய தேதியிலிருந்து மூன்று மாதம் எண்ணிக்கொள்ளுங்கள், பால் சுரப்பும் இல்லாமல் இருக்க வேண்டும். சிட்டுவுக்கு மே 19, ஆகவே ஆகஸ்ட் கடைசி வாரத்தில் செய்தோம். பத்து நாள் கழித்துத் தையல் பிரித்தார்கள். மறுநாளே மதிலில் ஏறி உட்கார்ந்திருந்தது.